சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதவு: பாஸ்வேர்டு மறந்த ஒரு வெள்ளிக்கிழமை

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் செக்ரோல் கிராணியாக வேலை செய்கிறேன். காலையில் பெரட்டு முடிந்து மண்டோர்கள் கொண்டுவரும் வருகைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், மாதக் கடைசியில் சம்பளக் கணக்கை முடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதும் என் பொறுப்பு. பிள்ளை பெற்று 98 நாள் பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரத்தில்தான் இது நடந்தது.

திரும்பி வந்தபோது என் மேசையில் புது லேப்டாப் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் பழுதாகி, எல்லாவற்றையும் அழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழையதில் நான் பாஸ்வேர்டு தட்டியதே அபூர்வம். பிரவுசரே ஞாபகம் வைத்திருக்கும், மின்னஞ்சலும் திறந்தபடியே கிடக்கும். கடைசியாக நான் பாஸ்வேர்டை மாற்றியது விடுமுறைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால். அப்போது என்ன எழுத்துப் போட்டேன் என்பது சுத்தமாக மனதில் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை, தேதி 3. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கையில் சேரவேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். சனி, ஞாயிறு தலைமை அலுவலகம் இல்லை. திங்கள் மதியத்துக்குள் என் கணக்கு போய்ச் சேர்ந்தால்தான் செவ்வாய்க்கிழமை ஆட்களுக்குச் சம்பளம். எனக்குப் பதில் வந்த பிள்ளை வருகையை எல்லாம் ஒழுங்காக ஏற்றி வைத்திருந்தாள். ஆனால் கணக்கை முடித்து அனுப்பும் உரிமை என் பெயரில் மட்டும்தான் இருந்தது.

ஞாபகம் வந்ததை எல்லாம் தட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கணக்கு பூட்டிக்கொண்டது. எங்கள் கம்பெனியில் இருப்பது மைக்ரோசாப்ட் கணக்கு. அதில் வழக்கமான அமைப்பின்படி 10 முறை தவறினால் ஒரு நிமிடம் பூட்டும், அதற்குப் பிறகும் தவறினால் பூட்டும் நேரம் நீண்டுகொண்டே போகும். ஒரே தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தட்டினால் அதை ஒரு முறையாகத்தான் எண்ணும். நான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகத் தட்டியதால் சீக்கிரம் பூட்டிவிட்டது.

சரி, மறந்தவர்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறதே என்று aka.ms/sspr பக்கத்தைத் திறந்தேன். மேலே "Get back into your account" என்று இருந்தது. மின்னஞ்சல் முகவரியைப் போட்டேன், படத்தில் இருந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டினேன், Next அழுத்தினேன். குறுஞ்செய்தியில் எண் வரும், போட்டால் முடிந்தது என்று கைப்பேசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். வந்தது இந்த வரி:

```
You can't reset your own password because you haven't registered for password reset.
```

பாஸ்வேர்டை நீங்களே மாற்ற முடியாது, அதற்காக நீங்கள் பதிவு செய்துகொள்ளவில்லை என்கிறது. எனக்குத் திகைப்பாகிவிட்டது. என் கைப்பேசி எண் கம்பெனியிடம் இல்லாமலா? சம்பளச் சீட்டு அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. மனிதவளப் பிரிவில் என் எண், வீட்டுக்காரர் எண், அம்மா எண் எல்லாம் இருக்கின்றன.

இதைத்தான் எல்லாருக்கும் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கம்பெனிக்கு நம் எண் தெரிவது வேறு, கணக்கை மீட்கும் இடத்தில் அந்த எண் இருப்பது வேறு. மனிதவளப் பிரிவின் கோப்பில் இருக்கும் எண்ணை யாராவது அந்த இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தால்தான் இந்தப் பக்கத்துக்குத் தெரியும். சில கம்பெனிகளில் கணினிப் பிரிவே முன்கூட்டி ஏற்றி வைத்துவிடுகிறது. எங்கள் கம்பெனியில் அப்படிச் செய்யவில்லை, நாமே உள்ளே போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். உள்ளே போவதற்கோ பாஸ்வேர்டு வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதவு மாதிரி ஆகிவிட்டது.

அந்த வரிக்குக் கீழே நிர்வாகியைத் தொடர்பு கொள்ள ஒரு இணைப்பு இருந்தது. அழுத்தினேன், கோரிக்கை போய்விட்டது என்று வந்தது. மணி மூன்றரை. காத்திருந்தேன். நாலேகால் ஆகியும் ஒரு சத்தமும் இல்லை. அந்த இணைப்பு ஒரு மின்னஞ்சலை மட்டும்தான் அனுப்புகிறது. முதலில் பாஸ்வேர்டு மாற்றும் உரிமை மட்டும் உள்ள நிர்வாகிகளுக்கு, அப்படி யாரும் இல்லையென்றால் பயனர் கணக்குகளைப் பார்க்கும் நிர்வாகிகளுக்கு, அவர்களும் இல்லையென்றால் மொத்த அதிகாரமும் உள்ள நிர்வாகிகளுக்குப் போகும். எங்கள் விஷயத்தில் அது யாரும் தினமும் திறந்து பார்க்காத ஒரு பெட்டியில் போய் விழுந்திருந்தது. திங்கட்கிழமைதான் பார்த்தார்களாம். ஆகவே அந்த இணைப்பை அழுத்துங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். அழுத்திய கையோடு போன் பேசுங்கள்.

நான் பேசும்போது மணி நாலரை. கோலாலம்பூர் உதவிப் பிரிவில் ஒரு தமிழ்ப் பையன் எடுத்தான். ஊழியர் எண் சொன்னேன், பிறந்த தேதி சொன்னேன். "அக்கா, இது மட்டும் வச்சு நான் மாத்திக் கொடுக்க முடியாது. உங்க மேனேஜர் அவரோட ஆபீஸ் எண்ணுலருந்து பேசணும், இல்ல நான் அவருக்குப் பேசணும்" என்றான். அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. மேனேஜர் 12ஆம் நம்பர் தீம்பாரில் இருக்கிறார், அங்கே லைன் கிடைக்காது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பையன் செய்ததுதான் சரி. ஊழியர் எண்ணும் பிறந்த தேதியும் ஒரு சம்பளச் சீட்டைப் பார்த்த எவருக்கும் தெரியும். அதை வைத்துக்கொண்டு என் பெயரைச் சொல்லி யாரோ ஒருத்தி பேசி, அவளுக்குப் புதுப் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால், நூற்றுச் சொச்சம் குடும்பங்களின் சம்பளக் கணக்கு அவள் கைக்குப் போய்விடும்.

பெரிய கிராணி அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மேனேஜரை அழைத்து வந்தார். ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு மேனேஜர் பேசினார். அதன் பிறகு தற்காலிகப் பாஸ்வேர்டைப் பையன் போனிலேயே சொன்னான். அதை எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பழைய பெரட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். "பெரிய கே, சின்ன யூ, சின்ன வி, அப்புறம் நம்பர்..." என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு இடத்தில் "ஓ" என்றான். நான் ஆங்கில எழுத்து என்று நினைத்து O போட்டேன். அவன் சொன்னது சுழியம். ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை ஒவ்வொன்றாக "எழுத்தா, நம்பரா" என்று கேட்டு, எழுத்தின் மேல் ஒரு கோடும் எண்ணின் கீழ் ஒரு கோடும் போட்டு எழுதினேன். உள்ளே போய்விட்டது. உடனே புதுப் பாஸ்வேர்டு கேட்டது, வைத்தேன். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, சம்பளக் கணக்கை ஆறரை மணிக்கு அனுப்பி முடித்தேன். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டிய நேரம் அது. வீட்டில் அம்மா போன் மேல் போன்.

திங்கட்கிழமை அந்தப் பையனுக்கு நானே பேசினேன். மூன்று வருஷமாக வேலை செய்கிறேன், ஏன் ஒரு நாளும் என்னை யாரும் பதியச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் பொறுமையாக விளக்கியதைத் தோட்ட ஆபீஸில் வேலை செய்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொல்லாமல் இல்லையாம். பதிவு செய்யாதவர் ஒவ்வொரு முறை பாஸ்வேர்டு தட்டி உள்ளே வரும்போதும் "More information required" என்று ஒரு பக்கம் வந்து நிற்கும்படி கம்பெனி வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டால், அல்லது Cancel அழுத்தினால், அது வழிவிட்டுவிடும், அடுத்த முறை உள்ளே வரும்போதுதான் மறுபடி கேட்கும். ஏற்கனவே உள்ளே இருப்பவரை அது இடைமறிக்காது. என் பழைய கம்ப்யூட்டரில் நான் எப்போதும் உள்ளேயே இருந்தேன். எனக்கு "அடுத்த முறை" என்பதே வரவில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாள், கணக்கைத் திறந்து கொடுக்க வந்தவர் ஏதோ ஒரு பக்கத்தைச் சட்டென்று மூடியது மங்கலாக ஞாபகம் இருக்கிறது. அவசரத்தில் வந்தவர், பத்துப் பேருக்குச் செய்ய வேண்டும். நானும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொன்னான். வெளியில் கைப்பேசியிலிருந்து கம்பெனி மின்னஞ்சல் பார்க்கிற ஆட்கள், உதாரணத்துக்கு எங்கள் உதவி மேனேஜர்கள், எல்லாரும் பதிந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்தால் இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். அதற்காகப் பதிந்த எண்ணும் செயலியும் பாஸ்வேர்டை மீட்கவும் பயன்படும், இரண்டுக்கும் ஒரே பதிவு. ஆபீஸ் லைனில் மட்டும் வேலை செய்கிற எங்களை அந்த இரண்டாவது சரிபார்ப்பு கேட்டதே இல்லை. கிராணிகள் மட்டும் பதியாமல் விடுபட்டது இப்படித்தான். ஒரே மேசை, ஒரே கம்ப்யூட்டர் என்று வருஷக் கணக்காக உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இந்தப் பதிவு மற்ற யாரையும் விட முக்கியம், அவரிடம்தான் அது இருப்பதில்லை.

இப்போது உங்களுக்குப் பாஸ்வேர்டு தெரியுமென்றால், அல்லது உங்கள் கம்ப்யூட்டர் உள்ளேயே திறந்து கிடக்கிறதென்றால், செய்ய வேண்டியது கால் மணி நேர வேலை. aka.ms/mysecurityinfo என்று தட்டினால் உங்கள் பாதுகாப்பு விவரப் பக்கம் வரும். "Add sign-in method" என்பதை அழுத்தி, கம்பெனி அனுமதிக்கிற வழிகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்குக் கைப்பேசி எண், சொந்த மின்னஞ்சல், ஆதென்டிகேட்டர் செயலி மூன்றும் இருந்தன.

கைப்பேசி எண்ணைப் போடும்போது நாட்டை மலேசியா, +60 என்று தேர்ந்தெடுத்துவிட்டு, முன்னால் வரும் சுழியத்தை விட்டுவிட்டு மீதியைப் போடுங்கள். எண் யாருடையது என்பதும் முக்கியம். எங்கள் பக்கத்து லயத்தில் ஒரு தங்கச்சி வீட்டுக்காரருடைய எண்ணைப் போட்டு வைத்திருந்தாள். அவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். ப்ரீபெய்ட் சிம்மை மலிவான பிளானுக்காக மாற்றுவதும், காசு ஏற்றாமல் காலாவதியாக விடுவதும் நம் ஆட்களிடம் சகஜம். சிம் மாறினால் அன்றே இந்தப் பக்கத்திலும் மாற்றிவிட வேண்டும். விட்டால் பழைய எண் ஒரு நாள் வேறு யாருக்கோ போய்விடும்.

மின்னஞ்சல் என்றால் உங்கள் சொந்த மின்னஞ்சல். கம்பெனி மின்னஞ்சலைத் திறக்கத்தானே வழி தேடுகிறோம். அந்தச் சொந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் போனில் திறந்து கொடுத்த முகவரியாக இருந்தால் அதைப் போடாதீர்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆதென்டிகேட்டர் செயலியைத்தான். எங்கள் ஆபீஸில் மழை பெய்தால் கைப்பேசி லைன் போய்விடும், குறுஞ்செய்தி அரை மணி நேரம் கழித்து வரும், அதற்குள் அந்த எண் செல்லாமல் போய்விடும். செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணுக்கு லைன் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். கைப்பேசிக்குள்ளேயே 30 வினாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கும். ஒரே சிக்கல், கைப்பேசியை மாற்றினால் புதுக் கைப்பேசியில் தானாக வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. பழையதை விற்பதற்கு முன்னால் புதியதைச் சேர்த்துவிடுங்கள்.

ஆபீஸ் தொலைபேசி எண்ணை நம்பி இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள் இணைப்பு எண் போட்டுப் பேசும் லைனாக இருந்தால் பாஸ்வேர்டு மீட்கும்போது அந்த உள் எண்ணை அது விட்டுவிடும். அழைப்பு வரவேற்பு மேசையில் மணி அடிக்கும், உங்கள் மேசைக்கு வராது.

பெரிய கிராணி அண்ணன் என் கதையைப் பார்த்து அன்றே தன் கைப்பேசி எண்ணைப் பதிந்தார். இரண்டு வாரம் கழித்து, "தங்கச்சி, நான் பதிஞ்சும் அதே மாதிரிதானே வருது" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். நிர்வாகியிடம் போகச் சொல்லும் அதே மாதிரிப் பக்கம். அவர் பதிந்தது சரிதான், ஆனால் ஒன்று மட்டும். பாஸ்வேர்டை மீட்க எத்தனை வழியில் சரிபார்க்க வேண்டும் என்பதை நிர்வாகி ஒன்று அல்லது இரண்டு என்று வைத்திருப்பார். எங்கள் கம்பெனியில் இரண்டு. ஒன்று மட்டும் பதிந்தவரும் பதியாதவர் கணக்கில்தான் சேர்வார். முன்பு ஒன்று போதும் என்றிருந்த இடத்தில் பிறகு இரண்டாக உயர்த்திவிட்டால், சரியாக இருந்தவர்களும் ஒரே நாளில் இதே நிலைக்கு வந்துவிடுவார்கள். அண்ணன் செயலியையும் சேர்த்தார், சரியாகிவிட்டது. ஆகவே உங்கள் கம்பெனி எத்தனை கேட்கிறது என்று தெரியாவிட்டாலும் இரண்டு வழிகளைப் பதிந்துவிடுங்கள், மூன்றாவது இருந்தால் இன்னும் நல்லது.

பதிந்ததோடு விடாமல் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பதை அண்ணனிடமிருந்துதான் கற்றேன். பாஸ்வேர்டை மாற்றாமலேயே சோதிக்கலாம். பிரவுசரில் தனிச் சாளரம் ஒன்றைத் திறந்து aka.ms/sspr போங்கள். மின்னஞ்சல், பட எழுத்து, Next. பதிவு சரியாக இருந்தால் உங்கள் கைப்பேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரியும்படி நட்சத்திரங்களாகக் காட்டி, முழு எண்ணையும் உங்களையே தட்டச் சொல்லும். அந்த இரண்டு இலக்கத்தைப் பார்த்தாலே இது என் இப்போதைய எண்ணா, பழைய சிம்மா என்று தெரிந்துவிடும். வந்த எண்ணைப் போட்டு, புதுப் பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் வரை போய், அங்கே Cancel அழுத்தி வெளியே வந்துவிடுங்கள். பழைய பாஸ்வேர்டு அப்படியே இருக்கும்.

ஏற்கனவே வெளியில் மாட்டிக்கொண்டவர்கள், உதவிப் பிரிவுக்குப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பழைய கம்ப்யூட்டர் இன்னும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? இருந்தால் பிரவுசரின் அமைப்புகளுக்குள் சேமித்த பாஸ்வேர்டு பட்டியல் இருக்கும், அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கும் எண்ணைப் போட்டால் காட்டும். எனக்குக் கம்ப்யூட்டரே போய்விட்டிருந்தது. அதனால்தான் இப்போதெல்லாம் யார் மேசையில் கம்ப்யூட்டர் மாற்றினாலும், பழையதை அனுப்புவதற்கு முன் பாதுகாப்பு விவரப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன்.

உதவிப் பிரிவு பேசும்போது இன்னொரு வழியும் கேட்கலாம். Temporary Access Pass என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி அதைத் திறந்து வைத்திருந்தால், பாஸ்வேர்டுக்குப் பதிலாக அந்த எண்ணெழுத்தைப் போட்டு உள்ளே போய் இந்த விவரங்களைப் பதியலாம். வழக்கமாக ஒரு மணி நேரம்தான் செல்லும், அதனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்ட பிறகு கேளுங்கள். என் மாதிரி தற்காலிகப் பாஸ்வேர்டு கிடைத்தாலும் அதே பக்கத்துக்கு அன்றே போங்கள். நான் சம்பளக் கணக்கை அனுப்பிய அவசரத்தில் அதைச் செய்யாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். சனி, ஞாயிறு முழுக்க, அந்தப் புதுப் பாஸ்வேர்டும் மறந்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

நிர்வாகப் பக்கத்தில் யார் யார் பதியவில்லை என்று ஒரே பட்டியலில் பார்க்க முடியுமாம். அந்தப் பையன் எங்கள் வட்டாரத்துத் தோட்டங்களின் கிராணிகளை மட்டும் பிரித்து எடுத்து மேனேஜர்களுக்கு அனுப்பினான். எங்கள் ஆபீஸில் என்னோடு சேர்த்து நாலு பேர். அடுத்த சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் ஒருவர் பின் ஒருவராக என் மேசையில் உட்கார வைத்துப் பதிய வைத்தேன். கடைசியாக ஸ்டோர் கிராணி அக்கா. அவருக்கு ஆங்கிலம் படிக்கக் கூச்சம், அதனால் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மூடிவிடுவாராம். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். தனிச் சாளரத்தில் சோதித்தபோது அவருடைய எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, தன் கைப்பேசியைத் திருப்பி, பின்பக்கம் ஒட்டி வைத்திருந்த எண்ணோடு ஒப்பிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார்.